நாற்றம் வருவதில்லை, மருத்துவரே

ஆவடியில் என் வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் நடுவே இடுப்பளவு மதில் ஒன்று உண்டு. பதினோர் ஆண்டுகளாக அந்த மதிலுக்கு மேல் ஒரே ஒரு வழக்குத்தான் நடந்துவந்தது. அடுத்த வீட்டு அம்மையார் ஞாயிறுதோறும் கருவாடு வறுப்பார். சைவ உணவினனாகிய நான் சன்னல் கதவுகளை ஓசைபடச் சாத்துவேன். ஓசை போதாதென்று தோன்றும் நாள்களில் மதிலோரம் சென்று நின்று, காற்று பொதுவுடைமை என்பது பற்றி நாலு சொல் சொல்லுவேன். அவரும் விடமாட்டார்.

"ஏன் வாத்தியாரே, நீ காலைல பெருங்காயத்தப் போட்டு மணக்க மணக்கக் கொழம்பு வக்கிறியே, அப்போ நான் ஜன்னல சாத்துறனா?"

தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த பள்ளியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி மறைந்தபின் தனியே சமைத்துத் தனியே உண்டு வாழ்கிறேன். அம்மையாரின் குடும்பமோ இவ்வூர் வயலாக இருந்த காலந்தொட்டு இங்கேயே இருப்பது. எங்கள் பூசல் பகையன்று. ஆயினும் பூசல்தான்.

அந்தப் பூசல் ஒரு நாள் நின்றுபோனது. நின்றதை நான் அறியவில்லை. நான் அறிந்ததெல்லாம் என் சமையல் கெட்டுவிட்டது என்பது மட்டுமே.

குழம்பு சப்பென்றிருந்தது. புளியைக் கூட்டினேன், புளித்தது, ஆனால் குழம்பாகவில்லை. மளிகைக் கடைக்காரரிடம் சென்று, அவர் தரும் கொத்துமல்லி பழையது என்று வாதாடினேன். கடைசியில், கற்பித்தவனுக்கே உரிய பழக்கத்தால், அறுசுவையையும் வரிசையாக வைத்து நாக்கைத் தேர்வுக்கு உட்படுத்தினேன். வெல்லம் இனித்தது. புளி புளித்தது. உப்பு கரித்தது. பாகற்காய் கசந்தது. பாக்கு துவர்த்தது. மிளகாய் உறைத்துக் கண்ணீரே வந்தது. ஆறும் தேறின. ஆனால் ஆறும் சேர்ந்து உணவாகவில்லை. ஆறு பேரும் வந்திருந்த அவையில் பேசுவார் ஒருவரும் இல்லாததுபோல் இருந்தது.

மூக்கடைப்பு நெடுநாளாகவே இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் புழுதியின் வேலை அது என்று எண்ணி, மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி நாளும் இருவேளை விட்டுக்கொண்டிருந்தேன். விட்டவுடன் திறக்கும், மாலைக்குள் முன்னிலும் இறுகி அடைக்கும். புரட்டாசியில் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பக்கத்துத் தெருவில் இருந்த சிறு மருத்துவமனைக்குச் சென்றேன். இளம் மருத்துவர், வெளியே இருபது பேர் காத்திருந்தனர்.

இவ்விடத்தில் என் சொற்பற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாற்றம் என்னும் சொல்லுக்கு மணம் என்பதே முதற்பொருள். பூவுக்கும் நாற்றம் உண்டு, சந்தனத்துக்கும் உண்டு. பிற்காலத்தார் அதைச் சாக்கடைக்கு ஒதுக்கிவிட்டனர். நான் ஒதுக்கியதில்லை. வகுப்பறையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் அச்சொல்லை அதன் பழைய இருக்கையிலேயே அமர்த்திவந்தேன்.

மருத்துவர் கேட்டார்: "மூக்குல சளி வருதா?"

"நீர் போல ஒழுகும்."

"நாற்றம் எதுவும் வருதா?"

நான் நெகிழ்ந்துபோனேன். இவ்வளவு இளையவர், இவ்வளவு சரியான சொல்! நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "நாற்றம் வருவதில்லை, மருத்துவரே. சில திங்களாக அறவே இல்லை."

"வெரி குட்," என்றார் அவர்.

சீட்டில் ஏதோ எழுதி, ஐந்து நாளைக்குச் சளி மாத்திரை தந்து, அடுத்தவரை அழைத்துவிட்டார்.

நல்லதா! மணம் அறியாதிருப்பது நல்லதென்று ஒரு மருத்துவரே சொல்லுகிறார் என்றால், இந்த அகவையில் இது இயல்பு போலும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றம் தை வரைக்கும் நீடித்தது.

தைத்திங்களில் ஒரு முற்பகல். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் அமர்ந்து ஏடு படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்திருக்கிறது. முன்பெல்லாம் பால் பொங்கி அடுப்பைத் தொடும் முன்பே, அதன் மணம் அறிந்து நான் எழுந்துவிடுவேன். எனக்குக் கடிகாரம் மூக்குத்தான். அன்று கடிகாரம் அடிக்கவில்லை. எரிவளி கசிந்தபடி இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டியபடி இருந்தேன்.

வாயிற்கதவு இடிபட்டது. திறந்தால், ஈரக்கையோடு அம்மையார் நிற்கிறார்.

"இன்னா வாத்தியாரே, கேஸ் நாத்தம் என் ஊட்டாண்ட வரைக்கும் அடிக்குது. உள்ள குந்திகினு புக்கு படிக்கிற?"

"எரிவளியா? எங்கே?" என்றபடி, காற்றோட்டத்திற்காக மின்விசிறியின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன்.

"சுவிட்ச தொடாத! பொறி பட்டா ஊடே பூடும்!"

என்னை ஒரு கையால் வெளியே இழுத்து நிறுத்தினார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே சென்று அடுப்பை மூடி, எரிவளி உருளையின் தலைப்பை அடைத்து, சன்னல்களையும் புறக்கதவையும் விரியத் திறந்துவிட்டு வந்தார். மாமரத்தடியில் இருவரும் நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெய்யாலுமே உனக்குத் தெரியலியா?"

"தெரியவில்லை."

"நாந்தான் நெனச்சேன். ஆடி மாசம் கூழ் ஊத்தி கருவாட்டுக் கொழம்பு வச்சேனே, தெருவே மணந்துச்சு. நீ ஒரு வார்த்த பேசல. சரி, வயசாச்சு, மனுசன் நல்லவனா மாறிட்டான்னு என் ஊட்டுக்காரர் கிட்டகூட சொன்னேன். நீ மாறவே இல்ல போல. மூக்குதான் போயிருக்குது!"

செய்தி சென்னீர்குப்பத்தில் இருக்கும் என் மகளை ஒரு மணி நேரத்தில் எட்டியது. அன்று மாலையே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், பாத்திரத்தின் அடியில் கருகியிருந்த பாலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் தேவலை.

"அப்பா, பால் வச்சத மறந்துட்டீங்களா?"

"மறக்கவில்லை. பொங்கியது தெரியவில்லை."

"போன வாரம் ஊசிப்போன சட்னிய சாப்பிட்டீங்க. அதுக்கு முந்தி குக்கர் அடிபிடிச்சுது. எல்லாமே தெரியலதானா?" குரலைத் தாழ்த்தினாள். "மறதி வர்றது தப்பு இல்லப்பா. ஆனா இனிமே தனியா இருக்க விடமாட்டேன். மாசக் கடைசில எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அதுவரைக்கும் அடுப்பப் பத்த வைக்காதீங்க."

என் மகள் சொல்லியதில் அன்பன்றி வேறில்லை. ஆயினும் ஒரே நாளில் என் அடுப்பும் என் அறிவும் சேர்ந்து ஐயத்திற்கு உள்ளாயின. அடுப்பு இல்லாவிடில் இந்த வீடு இல்லை. அறிவு இல்லாவிடில் எனக்கு இந்த நான் இல்லை. மூக்கா, மூளையா? இதற்கு விடை வேண்டியிருந்தது. அடுத்த வாரமே, அம்பத்தூரில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் மூவராகச் சென்றோம். மூன்றாமவர் அம்மையார். சாட்சி சொல்ல வருவதாக அவரே சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

மருத்துவர் நடுத்தர அகவைப் பெண்மணி. பழைய சீட்டை வாங்கிப் படித்தார். "கெட்ட நாற்றம் இல்லைன்னு எழுதியிருக்காங்களே. அப்ப என்ன தொந்தரவு?"

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான்கு திங்களாக நெஞ்சில் இருந்த முடிச்சு ஒரு நொடியில் அவிழ்ந்தது. அவர் கேட்டது சீழ்நாற்றம். நான் சொன்னது பூநாற்றம்.

"பிழை என்னுடையது, மருத்துவரே. நாற்றம் என்றால் மணம் என்று எண்ணிச் சொல்லிவிட்டேன். எனக்கு எந்த மணமும் தெரிவதில்லை."

மகள் கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். அம்மையார் வெடித்துச் சிரித்தார். "ஏன் வாத்தியாரே, டாக்டராண்ட போயுமா பாடம் எடுத்த?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளைத் தொடர்ந்தார். எப்போதிலிருந்து? நான் தயங்கினேன். சாட்சி தயங்கவில்லை: "ஆடிக்கு முன்னாடியே, டாக்டரம்மா. கருவாட்டுக்குச் சண்ட போடறத நிறுத்துன நாள் எனக்குக் கணக்கு." திடீரென்று போயிற்றா, மெல்ல மெல்லவா? மெல்ல. காய்ச்சலோ கடுஞ்சளியோ வந்து போனபின்பா? அப்படி ஒன்றும் வரவில்லை. விழுந்து தலையில் அடிபட்டதுண்டா? இல்லை. புகை, மூக்குப்பொடி? எப்போதும் இல்லை. இரத்தம் வடிகிறதா? ஒருபக்கம் மட்டும் அடைக்கிறதா? கண் மங்கல், தலைவலி? இல்லை, இல்லை. சர்க்கரை, தைராய்டு பார்த்ததுண்டா? என்னென்ன மாத்திரை?

இரத்த அழுத்த மாத்திரையைச் சொன்னேன். பூங்காவில் உடன் நடக்கும் நண்பர் ஒருவர் அதுதான் சுவையைத் தின்கிறது, நிறுத்திப் பார் என்று சொல்லியிருந்ததையும் சொன்னேன்.

"நிறுத்திட்டீங்களா?"

"இல்லை."

"நல்ல வேளை. சில பிரஷர் மாத்திரை வாயில சுவைய மாத்தும்தான். ஆனா எதையும் நீங்களா நிறுத்தக் கூடாது, கேட்டுட்டு மாத்தணும். உங்களுக்கு நாக்கு தேறிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்களே."

"அறுசுவையும் தெரிகின்றன."

"அதுல காரமும் துவர்ப்பும் சுவையே இல்ல ஐயா. ஒண்ணு எரிச்சல், ஒண்ணு நாக்கு இறுகுற உணர்ச்சி. மத்ததுதான் நாக்கு வேலை. மென்னு முழுங்கும்போது தொண்டை வழியா மேல மூக்குக்குப் போற வாசனைதான் சாப்பாட்டோட ருசியில பாதிக்கு மேல. சாப்பாடு சப்புன்னு இருக்குன்னு வர்ற நெறைய பேருக்கு நாக்குல ஒண்ணும் இருக்காது."

கண்ணை மூடச் சொன்னார். காப்பித்தூள், கிராம்பு, சோப்பு எனப்படும் வழலைக்கட்டி என்று ஒவ்வொன்றாக ஒவ்வொரு மூக்குத் துளையிலும் நீட்டியிருக்கிறார். எனக்குக் காற்று மட்டுமே வந்தது. கடைசியாக ஒன்றில் குளிர்ச்சி ஏறியது, "தலைவலித் தைலமா?" என்றேன். குளிர்ச்சி வேறு, மணம் வேறு, இரண்டுக்கும் நரம்பே வேறு என்றார். அப்போது மகள் அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"டாக்டர், இது மறதி நோயா இருக்குமா?"

மருத்துவர் பூசி மெழுகவில்லை. "இருக்கலாம்னு பார்க்காம விடக்கூடாது. கை நடுக்கம் வர்ற நோய்க்கும் மறதி நோய்க்கும் சில பேருக்குப் பல வருசம் முன்னாடியே வாசனை குறையும். வயசாலயும் குறையும். அதனாலதான் காரணம் தெரியாம சில வாரத்துக்கு மேல நீடிச்சா வந்து காட்டணும்னு சொல்றது. முதல்ல மூக்கு வழி திறந்திருக்கான்னு பார்ப்போம். வழி சுத்தமா இருந்தா, அப்புறம் நரம்பு டாக்டர்."

பஞ்சில் மருந்து நனைத்து மூக்கில் வைத்தனர். தொண்டை வரை கசந்து மரத்துப்போனது. விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயொன்று உள்ளே நுழைந்தது. எதிரில் இருந்த திரையை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அப்படியொரு வேண்டுதலை நான் செய்ததில்லை. என் மூக்கில் ஏதேனும் இருக்கட்டும் என்று வேண்டினேன். அடைப்போ கட்டியோ, கையால் காட்டக்கூடிய ஏதோ ஒன்று. வழி திறந்துகிடந்தால் குற்றம் மூளைக்குப் போய்விடும்.

"இதோ," என்றார் மருத்துவர்.

உரித்த நுங்கைப்போல் வெளுத்து, நீர்கோத்து, பளபளவென்று தொங்கின சதைகள். இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து. மணம் அறியும் இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறதாம். அங்கே காற்றே போய்ச் சேராதபடி வாயிலை அடைத்துக்கொண்டு நின்றன அவை.

"பாலிப். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, பயப்படுற மாதிரி தெரியல. ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ ரத்தம் கசிஞ்சாலோ உடனே சதைய எடுத்து சோதனைக்கு அனுப்பணும். இருந்தாலும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

"அப்ப மூளை?" என்றாள் மகள்.

மருத்துவர் என் பக்கம் திரும்பி மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னார். வேறு பேச்சுப் பேசிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். நான் பொருள்களையும் சொன்னேன், கழித்தும் முடித்தேன், இரண்டாம் பொருளின் பெயரை அவர் சொன்னதில் ஓர் ஒலிப்புப் பிழை இருந்ததையும் சொன்னேன்.

"மூளை நல்லா இருக்கும்மா," என்றார் மருத்துவர். "கொஞ்சம் அதிகமாவே."

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தபின் இரண்டு வாரத்திற்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நாளுக்கு நாள் அளவு குறைந்துகொண்டு வரும், இடையில் சர்க்கரையை மீண்டும் பார்க்க வேண்டும் என்றார். கடையில் வாங்கிய சொட்டு மருந்தைக் குப்பையில் போடச் சொன்னார். சில நாள்களுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை வளர்க்குமாம். அதற்கு மாற்றாக ஒரு மூக்குத் தெளிப்பு மருந்து. கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்து நாளும் மூக்கைக் கழுவ வேண்டும். மணம் திரும்பும் வரை வீட்டில் எரிவளி கசிந்தால் ஒலிக்கும் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும். உணவு கெட்டதா என்று முகர்ந்து முடிவு செய்யக் கூடாது, மேலே நாள் எழுதி வைக்க வேண்டும்.

"திரும்பிடுமா?" என்று கேட்டது நானல்லேன், அம்மையார்.

"வாய்ப்பு நல்லா இருக்கு. உறுதி சொல்ல முடியாது. திரும்பினாலும் பாலிப் மறுபடி வளரும் சாதி. மருந்த விடாம அடிக்கணும். தேவைப்பட்டா ஆபரேஷன்."

கருவி வந்தது. மகள் மருமகனை அனுப்பி அடுப்படிச் சுவரில் கீழ்ப்பக்கமாகப் பொருத்தினாள். அந்த வளி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தவழும். ஆனால் மாதக் கடைசி என்ற நாள் மட்டும் மாறவில்லை. "மணம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். நான் நாளும் காலையில் மூக்கைக் கழுவினேன், மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்கினேன், தெளிப்பு மருந்தைக் குனிந்து அடித்தேன், பிறகு கொத்துமல்லிக் குடுவையைத் திறந்து முகர்ந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாள் மூச்சு மட்டும் தாராளமாக வந்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் அட்டைப் பெட்டிகளோடு வந்திருந்தாள். முதலில் நூல்களைக் கட்டத் தொடங்கினாள். நான் ஏணிமேல் நின்று மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஏதோ ஒன்று நடந்தது. முதலில் அதை நான் உணர்வு என்றுகூட அறியவில்லை. நெற்றிக்குள் யாரோ ஒரு கதவைச் சற்றே தள்ளியதுபோல் இருந்தது. உப்பு, கடல், வெயில், எண்ணெய். எல்லாவற்றுக்கும் அடியில் அழுகலுக்கும் அமுதுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பழைய கொடுமை.

ஏணியிலிருந்து இறங்கினேன். செருப்புப் போடாமல் மதிலுக்கு விரைந்தேன்.

"நாறுகிறது!" என்று கத்தினேன். "அம்மா, உங்கள் கருவாடு நாறுகிறது!"

அடுப்படிச் சன்னலில் அம்மையாரின் தலை தெரிந்தது, கையில் கரண்டி.

"ஆரம்பிச்சிட்டியா வாத்தியாரே! இத்தினி நாள் நிம்மதியா கீறேன்னு பாத்தா…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கரண்டி அப்படியே நின்றது. "இன்னா சொன்ன?"

"நாறுகிறது."

"மெய்யாலுமா?"

"நெத்திலிதானே?"

"நெத்திலியேதான்!" என்று அவர் கூவிய கூவல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். "பாப்பா, இங்க வா! உங்கப்பாருக்கு மூக்கு வந்துடுச்சு! கருவாட்டப் பாக்காமயே பேரு சொல்றாரு!"

சைவனாகிய எனக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று மகள் கேட்கவில்லை. பதினோர் ஆண்டுக் காலப் பூசலில் எதிரியின் படைக்கலங்களை நான் அறிந்திருந்தேன். மகள் அடுப்படிக்கு ஓடிக் குடுவைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். என் கண்களைத் தன் கையால் பொத்தினாள். சிறுமியாய் இருந்தபோது பொத்திய அதே கை.

"இது?"

"பெருங்காயம்."

"இது?"

"ஏலம்."

"இது?"

நெடுநேரம் முகர்ந்தேன். "இன்னும் தெளியவில்லை. ஆனால் பச்சையாக ஏதோ."

"கொத்துமல்லி," என்றாள். "மூணுல ரெண்டரை. பாஸ்." கையை எடுத்தாள். பிறகு திரும்பிப் போய், பெட்டியில் அடுக்கியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைக்கத் தொடங்கினாள்.

அன்று நண்பகல் என் அடுப்பை நான் பற்றவைத்தேன். பால் வைத்தேன். கூடத்தில் மகளோடு அமர்ந்திருந்தவன், பேச்சின் நடுவே எழுந்து சென்று சரியாகப் பொங்கும் கணத்தில் இறக்கினேன். சுவரில் இருந்த கருவி பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. அதை நான் கழற்றவில்லை. இந்த வீட்டில் இனி இரண்டு மூக்குகள் இருப்பதில் எனக்கு இழுக்கில்லை.

மாத்திரை முடிந்து மறுபார்வைக்குச் சென்றபோது ஸ்கேனும் அச்சம் தரும் எதையும் காட்டவில்லை. குழாய்த்திரையில் நுங்குகள் சுருங்கியிருந்தன. தெளிப்பு மருந்தையும் கழுவலையும் விடவே கூடாது, மூன்று திங்களுக்கு ஒருமுறை வர வேண்டும், மீண்டும் மங்கினால் காத்திராமல் உடனே வர வேண்டும் என்றார் மருத்துவர். எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். எழுதிக்கொண்டே, நிமிராமல், உதட்டோரம் மட்டும் சிரிப்போடு கேட்டார்:

"இப்ப நாற்றம் எப்படி ஐயா?"

"வருகிறது, மருத்துவரே!" என்றேன். கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே காத்திருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. இவ்வளவு மகிழ்ச்சியோடு ஒருவர் இப்படிச் சொல்லக் கேட்டறியாத ஒருவர் மெல்லத் தம் இருக்கையை நகர்த்திக்கொண்டார்.

ஞாயிறுதோறும் கருவாடு வறுபடுகிறது. நான் சன்னலைச் சாத்துவதில்லை. முதல் மணம் வந்ததும் மதிலோரம் சென்று, நெத்திலியா, வாளையா, சுறாவா என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். இதுவரை ஒருமுறைதான் தவறினேன். அன்று அம்மையார் வறுத்தது அப்பளம்.

"இன்னா வாத்தியாரே, மூக்கு மறுபடி போச்சா?"

"இல்லை," என்றேன். "அப்பளத்திற்கு இவ்வளவு பழைய எண்ணெயை ஊற்றினால் எவன்தான் கண்டுபிடிப்பான்?"

வழக்கு மீண்டும் தொடங்கிவிட்டது.